யாரையும் மோதாத பையனுக்கு ஏன் கூடுதல் காப்புறுதிக் கட்டணம்?

என்னிடம் படிவம் 5-இல் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் அண்மையில் பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தார். இப்போது அவருக்கு 19 வயது. ‘பி’ உரிமம் எடுத்து ஓராண்டு ஆகிறது. பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தோடு அப்பாவும் கொஞ்சம் கொடுக்க, பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறாராம். காப்புறுதி முகவர் அவருக்கு இரண்டு விலைகளைக் காட்டியிருக்கிறார். கார் மகன் பெயரில் இருந்தால் ஒரு விலை, 46 வதான அப்பா பெயரில் இருந்தால் இன்னொரு விலை. அதே கார், அதே வீடு, அதே சாலை. ஆனால் இரண்டுக்கும் சில நூறு ரிங்கிட் வித்தியாசம்.

“சார், நான் இதுவரைக்கும் யாரையும் மோதியதில்லை. அப்பாகூட இரண்டு தடவை இடித்திருக்கிறார். அப்புறம் ஏன் எனக்கு மட்டும் அதிகம்?”

நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டிலும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவர் இருந்தால் இதே கேள்வி வந்திருக்கும். இதற்கான பதில் படிவம் 4, 5 கணிதத்தில் வரும் நிகழ்தகவுக்குள் இருக்கிறது. வாருங்கள், கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

விலை எங்கிருந்து வருகிறது?

காப்புறுதி நிறுவனம் ஒவ்வொரு பிரிவினரைப் பற்றியும் இரண்டு எண்களைத் தேடுகிறது. அந்தப் பிரிவில் ஓராண்டில் எத்தனை பேர் இழப்பீடு கேட்கிறார்கள் என்பது முதலாவது எண். கேட்பவர்களுக்குச் சராசரியாக எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டையும் பெருக்கினால், ஒரு காருக்கு ஓராண்டில் நிறுவனம் எதிர்பார்க்கும் செலவு கிடைக்கும். அதன்மேல் நிர்வாகச் செலவு, முகவர் தரகு, லாபம் ஆகியவற்றைச் சேர்த்து நம்மிடம் கேட்கும் தொகைதான் பிரிமியம்.

ஓர் எடுத்துக்காட்டு. இதில் வருபவை எந்த நிறுவனத்தின் தரவும் அல்ல. கணக்கு எளிதாக இருப்பதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

18 முதல் 24 வயது வரையுள்ள 1,000 ஓட்டுநர்களில் 120 பேர் ஓராண்டில் இழப்பீடு கேட்கிறார்கள் என்று வையுங்கள். சராசரி இழப்பீடு 6,000 ரிங்கிட். மொத்தச் செலவு 720,000 ரிங்கிட். இதை ஆயிரம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 720 ரிங்கிட்.

35 முதல் 49 வயது வரையுள்ள 1,000 பேரில் 60 பேர்தான் கேட்கிறார்கள். சராசரி இழப்பீடு 5,000 ரிங்கிட். மொத்தம் 300,000. ஆளுக்கு 300 ரிங்கிட்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இளைஞர்கள் ஆயிரம் பேரில் 880 பேர் அந்த ஆண்டில் எந்த இழப்பீடும் கேட்கவில்லை. ஆக, என் மாணவர் சொன்னது போல, அதிகக் கட்டணம் செலுத்தும் இளைஞர்களில் பெரும்பாலோர் யாரையும் மோதாதவர்களே. 720 ரிங்கிட் என்பது தனியொருவருக்குக் கொடுத்த நற்சான்றும் அல்ல, குற்றச்சாட்டும் அல்ல. அந்த 120 பேர் யார் என்று ஆண்டின் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாததால், ஆயிரம் பேரும் சேர்ந்து சுமக்கும் சராசரி அது.

எல்லாருக்கும் ஒரே விலை வைத்தால்?

இரு பிரிவையும் கலந்து எல்லாரிடமும் 510 ரிங்கிட் வாங்கினால் கணக்கு சரியாக வருமே என்று நீங்கள் கேட்கலாம். முதல் ஆண்டில் சரியாகத்தான் வரும். ஆனால் பக்கத்துத் தெருவில் இன்னொரு நிறுவனம் 40 வயதுக்காரர்களுக்கு 350 ரிங்கிட் என்று அறிவித்தால், அவர்கள் அங்கே போய்விடுவார்கள். 510 வாங்கும் நிறுவனத்திடம் மிஞ்சுவது ஆளுக்கு 720 ரிங்கிட் செலவு வைக்கும் இளைஞர்கள். அடுத்த ஆண்டு அது விலையை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இளைஞர்களே வேண்டாம் என்று கதவைச் சாத்த வேண்டும்.

இது வெறும் கற்பனை அல்ல. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் அமிக்கபிள் என்ற ஆயுள் காப்புறுதிச் சங்கம் இருந்தது. அது வயதைப் பார்த்து விலையை மாற்றவில்லை. பதிலாக, 45 வயதைக் கடந்தவர்களைச் சேர்க்க மறுத்தது. அப்படி மறுக்கப்பட்டவர்களில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியரும் ஒருவர். வயதுக்கேற்ற கட்டணத்தை வசூலித்தால் வயதானவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் இறந்தபின், 1762-இல், அந்தக் கணக்கின் அடிப்படையில் ஈக்விட்டபிள் என்ற நிறுவனம் தொடங்கியது. வயதுப் பிரிவு என்ற கருவி, ஒதுக்கப்பட்ட ஒருவரை உள்ளே கொண்டுவரப் பிறந்தது. அங்கே அதிகம் கட்ட வேண்டியவர்கள் முதியவர்கள். கார் காப்புறுதியில் அந்த இடத்தில் இளைஞர்கள் நிற்கிறார்கள்.

மலேசியாவில் நெடுங்காலம் வாகனக் காப்புறுதியின் அடிப்படை விலை ஒரு கட்டணப் பட்டியலின்படிதான் இருந்தது. எஞ்சினின் சிசி அளவும் காரின் காப்புறுதி மதிப்பும் அதில் முக்கியம். 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றானது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் பட்டியலிலேயே விடப்பட்டது. அதன்பின் ஓட்டுநரின் வயது போன்ற தகவல்களுக்கு விலையில் இடம் கூடியது. ஒரே காருக்கு ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விலை சொல்வதும் இதனால்தான்.

வயதா, அனுபவமா?

இளைஞர்கள் ஏன் அதிகம் மோதுகிறார்கள்? இதில் இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது அனுபவமின்மை. ஒருவர் தனியாகக் கார் ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் விபத்து அபாயம் மிக அதிகம். பிறகு அது வேகமாகக் குறைகிறது. புதிய ஓட்டுநரின் கண் பெரும்பாலும் காருக்கு முன்னால் உள்ள சிறு பகுதியிலேயே நிற்கும். பழகியவரின் கண் தூரத்துக்கும் பக்கவாட்டுக்கும் கண்ணாடிக்கும் மாறி மாறிப் போகும். நின்றிருக்கும் பேருந்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதை அனுபவசாலி முன்கூட்டியே எதிர்பார்க்கிறார். புதியவர் ஆள் வெளியே வந்தபின்தான் பார்க்கிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஒரு விநாடி தாமதமாகப் பார்த்தாலே அந்தப் 17 மீட்டர் போய்விட்டது.

இரண்டாவது வயது. திட்டமிடுவது, ஆசையைக் கட்டுப்படுத்துவது போன்ற வேலைகளைச் செய்யும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இரவு நேர ஓட்டமும், காரில் நண்பர்கள் நிறைந்திருப்பதும் இளம் ஓட்டுநரின் அபாயத்தை இன்னும் கூட்டுகின்றன. நண்பர்கள் இருக்கும்போது விபத்து நேர்ந்தால் காயப்படுவோரும் அதிகம். எனவே எண்ணிக்கை மட்டுமல்ல, இழப்பீட்டுத் தொகையும் உயர்கிறது.

30 வயதில் முதன்முதலாக உரிமம் எடுப்பவருக்கும் தொடக்க மாதங்களில் அபாயம் கூடுதல்தான். ஆனால் 17 வயதில் எடுப்பவரின் அளவுக்கு இருக்காது. இரண்டு காரணங்களும் தனித்தனியே வேலை செய்கின்றன என்பதற்கு இதுவே அடையாளம். அதனால்தான் விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதியையும் கேட்கிறார்கள், உரிமம் எடுத்து எத்தனை ஆண்டு ஆகிறது என்றும் கேட்கிறார்கள்.

ஏன் பிரிவு? ஏன் ஒவ்வொரு வயதுக்கும் தனி விலை இல்லை?

24 வயது 364 நாள் ஆனவரும் 25 வயது நிறைந்தவரும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். உண்மையான அபாயம் சரிவுப் பாதை போல மெல்ல இறங்குகிறது. முதுமையில் மறுபடியும் ஏறுகிறது. விலையோ படிக்கட்டு போல இறங்குகிறது. படியின் விளிம்பில் நிற்பவருக்கு அது அநியாயமாகத்தான் தெரியும்.

படிகளை இன்னும் சிறியதாக வெட்டலாமே? அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தற்செயலாக நடப்பவற்றை எண்ணும்போது, எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூல அளவு இருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அதன் இரு மடங்குக்குள் அடங்கிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் 100 இளைஞர்களை மட்டும் எடுத்தால் 12 விபத்துகளை எதிர்பார்க்கலாம். 12-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3.5. ஆகவே ஓராண்டு 5 ஆகவும் மறு ஆண்டு 19 ஆகவும் இருக்கலாம். இதை நம்பி விலை வைத்தால், ஒன்றும் மாறாமலேயே அடுத்த ஆண்டு விலை ஏறக்குறைய நான்கு மடங்காகும். 10,000 பேரை எடுத்தால் எதிர்பார்ப்பது 1,200. வர்க்கமூலம் ஏறக்குறைய 35. எண்ணிக்கை பெரும்பாலும் 1,130-க்கும் 1,270-க்கும் இடையில் நிற்கும். இதை நம்பலாம்.

பிரிவு சிறியதாக இருந்தால் எண் நிலையாக நிற்காது. பெரியதாக இருந்தால் வெவ்வேறு ஆட்கள் ஒரே கூடைக்குள் விழுவார்கள். வயதுப் பிரிவு என்பது இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

“நான்தான் மோதவில்லையே!”

இப்போது என் மாணவரின் முக்கியமான வாதத்துக்கு வருவோம். ஓராண்டு விபத்தில்லாமல் ஓட்டியது அவர் கவனமான ஓட்டுநர் என்பதற்குச் சான்று இல்லையா?

200 இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேர் கவனமானவர்கள். ஓராண்டில் மோத 6 விழுக்காடு வாய்ப்பு. மற்ற 100 பேர் அவசரக்காரர்கள். 18 விழுக்காடு வாய்ப்பு. மொத்தத்தில் சராசரி அதே 12 விழுக்காடு. யார் எந்த வகை என்று யார் முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஓராண்டு கழிகிறது. கவனமானவர்களில் 94 பேர் விபத்தில்லாமல் வருகிறார்கள். அவசரக்காரர்களிலும் 82 பேர் விபத்தில்லாமல் வருகிறார்கள். மொத்தம் 176 பேர் உங்கள் முன்னால் நின்று “நான் யாரையும் மோதவில்லை” என்கிறார்கள். அவர்களில் கவனமானவர்கள் 176-க்கு 94, அதாவது ஏறக்குறைய 53 விழுக்காடு. ஆண்டின் தொடக்கத்தில் அது 50. ஓராண்டுச் சான்று நம் அறிவைக் கூட்டியது மூன்று விழுக்காடு மட்டுமே.

ஐந்து ஆண்டுகள் போகட்டும். 0.94-ஐ ஐந்து முறை பெருக்கினால், கவனமானவர்களில் 73 பேர் ஒரு விபத்தும் இல்லாமல் இருப்பார்கள். 0.82-ஐ ஐந்து முறை பெருக்கினால், அவசரக்காரர்களில் 37 பேர் மிஞ்சுவார்கள். மொத்தம் 110 பேரில் 73 பேர், அதாவது 66 விழுக்காட்டினர் கவனமானவர்கள். இப்போது சான்றுக்குக் கனம் வந்திருக்கிறது.

விபத்து அடிக்கடி நடப்பதல்ல. அது நடக்கவில்லை என்பதிலிருந்து தெரிந்துகொள்ள ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் மாணவரைப் பற்றிய தகவல் இன்னும் சேரவில்லை. சேரும்வரை நிறுவனத்தின் கையில் இருப்பது அவருடைய வயதும் உரிமத்தின் வயதும்தான்.

அந்தத் தகவல் சேரும் இடம் என்.சி.டி. எனப்படும் கழிவு. இங்கே தனியார் காருக்கு, இழப்பீடு கேட்காத முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 55 விழுக்காடு கிடைக்கும். நிறுவனம் 1,200 ரிங்கிட் என்று சொல்லும் காருக்கு 55 விழுக்காடு கழிவு இருந்தால் 540 ரிங்கிட்தான். உங்கள் தவறினால் நேர்ந்த ஒரு விபத்துக்கு இழப்பீடு கேட்டால், அடுத்த புதுப்பிப்பில் கழிவு மீண்டும் சுழியத்துக்குப் போகும்.

மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் முதல் ஆண்டுக்கே 25 விழுக்காடு என்பது மிகத் தாராளம் என்று நீங்கள் கவனித்திருக்கலாம். உண்மைதான். இந்தக் கழிவு வெறும் சான்று அல்ல. சின்னக் கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்காமல் சொந்தப் பணத்தில் சரிசெய்துகொள்ள நம்மைத் தூண்டுவதும் அதன் வேலை.

அப்பா பெயரில் எடுத்தால் என்ன?

என் மாணவரின் வீட்டில் யோசித்த வழி இது. காரை அப்பா பெயரில் வாங்கி, மகன் தினமும் ஓட்டுவது. இதில் மூன்று செய்திகள் தெரிய வேண்டும்.

ஒன்று, என்.சி.டி. வாகனத்தோடு கணக்கிடப்படுவது. அப்பாவின் பழைய காருக்கு 55 விழுக்காடு இருக்கிறது என்பதால் இரண்டாவது காருக்கும் அது தானாக வராது. புதிய காருக்குச் சுழியத்திலிருந்துதான் தொடங்கும். அது சேர்வதும் அப்பா பெயரில்தான். மகன் ஐந்து ஆண்டுகள் கவனமாக ஓட்டிய சான்று அவர் பெயரில் இருக்காது.

இரண்டு, ஓட்டுநர் 21 வயதுக்குக் கீழ் இருந்தாலோ, ‘பி’ அல்லது ‘எல்’ உரிமம் வைத்திருந்தாலோ, காப்புறுதியில் பெயர் குறிப்பிடப்படாதவராக இருந்தாலோ, கட்டாய எக்ஸஸ் 400 ரிங்கிட். பழுதுபார்க்க 3,000 ரிங்கிட் ஆனால் 400-ஐ நீங்கள் செலுத்த வேண்டும். மீதி 2,600-ஐ நிறுவனம் கொடுக்கும். மகனின் பெயரைக் காப்புறுதியில் சேர்த்தாலும் 19 வயதில் இந்த 400 போகாது. ‘பி’ காலம் இரண்டு ஆண்டு. அது முடிந்து, வயதும் 21 ஆகி, பெயரும் பதிவாகியிருந்தால்தான் போகும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். யார் வழக்கமாக ஓட்டுவார் என்று நிறுவனம் கேட்கும்போது மகன் ஓட்டும் காருக்கு அப்பா என்று சொன்னால், அது விலையை மாற்றக்கூடிய பொய். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது வாடிக்கையாளரின் கடமை. வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. சில நூறு ரிங்கிட் மிச்சப்படுத்தப் போய், கார் நொறுங்கிய நாளில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க நேரலாம்.

இது நியாயமா?

கணக்கு சரியாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் இளம் ஆண்களுக்கு இளம் பெண்களைவிட அதிகக் கட்டணம் இருந்தது. விபத்துக் கணக்கும் அதற்கு ஆதரவாக இருந்தது. ஆனாலும் ஆண், பெண் என்று பார்த்துக் கட்டணத்தை மாற்றக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வயதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

வயதுக்கும் பாலினத்துக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 19 வயதில் அதிகம் கட்டுபவர் 40 வயதில் குறைவாகக் கட்டுவார். எல்லாரும் அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறோம். ஆனால் 19 வயதில்தான் கையில் பணமும் குறைவு என்பதையும் மறுக்க முடியாது.

இந்தக் கணக்கையெல்லாம் என் மாணவர் வெள்ளைப் பலகையில் பார்த்தார். “அப்போ அந்த விலை என்னைப் பற்றியது இல்லை, இன்னும் என்னைத் தெரியாததைப் பற்றியது. அப்படித்தானே சார்?” என்றார். அதற்குமேல் நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. காரைத் தம் பெயரிலேயே வாங்கி, மூன்று நிறுவனங்களில் விலை கேட்டு, அவற்றில் குறைவானதை எடுத்திருக்கிறார்.

வீட்டில் செய்து பாருங்கள்: 200 பேர் கணக்கில் ஐந்து ஆண்டுக்குப் பதில் பத்து ஆண்டு என்று வைத்து, விபத்தில்லாதவர்களில் கவனமானவர்கள் எத்தனை விழுக்காடு என்று கண்டுபிடியுங்கள். 80-ஐ நெருங்கும் எண் வந்தால் உங்கள் விடை சரி.